வாடிக்கையாளர் சொன்னதை எவ்வளவு வெட்டலாம், எங்கே நிறுத்தணும்?

கேள்வி: மடிப்பாக்கத்தில் வீட்டிலிருந்தே சத்துமாவு தயாரித்து விற்கிறோம். வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு மெசேஜ் வந்தது: "அக்கா மாவு வந்துச்சு. போன தடவ கொஞ்சம் கசப்பா இருந்துச்சு, இந்த தடவ நல்லா இருக்கு. பையன் ஸ்கூலுக்கு போறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் குடிச்சிட்டு போறான், முன்னாடி எதுவும் சாப்பிடாம ஓடிடுவான். மாமனாருக்கு சுகர் கூட கொஞ்சம் கொறஞ்சிருக்கு, இதனாலயானு தெரியல. வெல்லம் போட்டா கட்டி கட்டியா ஆகுது, என்ன பண்ணணும்? டெலிவரி மூணு நாள் லேட்." இதை என் அண்ணன் மகன் "சுகர் குறைந்தது! குழந்தைகள் விரும்பிக் குடிக்கும் சத்துமாவு – வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள்" என்று இன்ஸ்டாவுக்கு போஸ்ட் செய்து தந்தான். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் போட மனசு வரவில்லை. அப்படியே போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். எவ்வளவு மாற்றலாம்?

பதில்:

போடாமல் வைத்திருந்தது நல்லது. அந்த ஒற்றை வரியில் மூன்று பொய் இருக்கிறது, உங்கள் அண்ணன் மகனுக்கே அது தெரிந்திருக்காது. முதலாவது, அந்த அம்மா "இதனாலயானு தெரியல" என்று சேர்த்துச் சொன்னதை வெட்டிவிட்டார். இரண்டாவது, அவர் சொன்னது தன் பையனைப் பற்றி மட்டும். போஸ்டில் அது "குழந்தைகள்" ஆகிவிட்டது. "குடிச்சிட்டு போறான்" என்பதும் "விரும்பிக் குடிக்கும்" என்று வளர்ந்துவிட்டது. குடிப்பதும் விரும்பிக் குடிப்பதும் ஒன்றல்ல என்பது பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது, சொன்னது ஒரே ஒருவர், எழுதியிருப்பது "வாடிக்கையாளர்கள்".

இதையெல்லாம் விட எனக்கு வருத்தம் வேறு. அந்த மெசேஜில் நிஜமாகவே விற்கக்கூடிய வரி ஒன்று இருக்கிறது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். "முன்னாடி எதுவும் சாப்பிடாம ஓடிடுவான்." காலை ஏழு மணிக்கு ஸ்கூல் வேனுக்குப் பிள்ளையைக் கிளப்புகிற எந்த அம்மாவும் இந்த வரியில் நின்றுவிடுவார். "குழந்தைகள் விரும்பிக் குடிக்கும்" என்பது எல்லா சத்துமாவு பாக்கெட்டிலும் இருக்கிற வரி, கண்ணுக்கே தெரியாது.

ஒரு ரிவ்யூவைக் கையில் எடுத்ததும் வரிவரியாக ஒரே கேள்வி கேட்டுப் பாருங்கள்: இது எழுதினவருக்கு நேரடியாகத் தெரிந்திருக்கக்கூடிய விஷயமா? பையன் டம்ளரைக் காலி செய்ததை அவர் கண்ணால் பார்த்தார். போன தடவை கசந்தது அவர் நாக்குக்குத் தெரியும். கட்டி தட்டியது, டெலிவரி தாமதமானது, இவையும் அவர் அனுபவம். இவற்றுக்கு அவர்தான் சாட்சி, வேறு ஆதாரம் தேவையில்லை. ஆனால் மாமனாரின் சர்க்கரை ஏன் குறைந்தது என்பது அவருக்குத் தெரியாது, அதை அவரே ஒப்புக்கொள்கிறார். நாளைக்கு வேறொருவர் "கெமிக்கல் எதுவும் இல்லாத மாவு" என்று எழுதுவார். அன்பாகத்தான் எழுதுவார், ஆனால் அவர் என்ன லேபா வைத்திருக்கிறார்? மாவில் என்ன இருக்கிறது, இல்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால் உங்கள் வாயால், உங்கள் பொறுப்பில் சொல்லுங்கள், அவர் வாயில் வைத்து விற்காதீர்கள்.

சர்க்கரை வரியைப் பற்றி நீங்கள் அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும்: "'இதனாலயானு தெரியல' என்பதையும் சேர்த்து முழுசாகப் போட்டால் சரியா?" சரியில்லை. 2018-ல் வந்த உணவு விளம்பரங்களுக்கான விதிமுறைகள், ஒரு உணவு நோயைத் தடுக்கும், தணிக்கும், குணப்படுத்தும் என்ற தொனியில் விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இதற்குப் பக்கத்திலேயே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. அதில் முதல் முறை 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. வாடிக்கையாளர் தன் வீட்டில் உட்கார்ந்து அக்காவுக்கு மெசேஜ் போடும்போது அது பேச்சு. நீங்கள் எடுத்து உங்கள் பக்கத்தில் போட்டதும் அது உங்கள் விளம்பரம். "நான் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார்" என்று தப்பிக்க முடியாது.

சட்டத்தை விடுங்கள், இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கே அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் எந்தச் செய்தி எந்த பிளாக்கிலிருந்து வந்தது என்று பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். மாமனாருக்கு சுகர் இருப்பதை ஊருக்குச் சொல்ல அவர் உங்களுக்கு அனுமதி தரவில்லை, மருமகளும் அவர் சார்பில் தர முடியாது. அந்த வரியைப் படித்துவிட்டு எங்கோ ஒரு பெரியவர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். அதனால் அந்த வரி போஸ்டுக்குள் வரவே கூடாது. அந்த அம்மாவுக்குத் தனியாகப் பதில் எழுதும்போது மட்டும், "மாமனாரோட டாக்டர்கிட்ட காலைல என்ன குடிக்கிறார்னு சொல்லிடுங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். வெல்லம் போட்டுக் குடிக்கிறார்களே, அதையும் நினைவில் வையுங்கள்.

படமும் பேசும் என்பதை மறந்துவிடாதீர்கள். வரியில் சுகர் இல்லை, ஆனால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் குளுக்கோமீட்டர் வைத்துப் படம் எடுத்தால் அதே பொய்தான். #diabeticfriendly என்ற ஹேஷ்டேக்கும் அப்படியே. பையன் சுவரில் உயரம் குறிக்கிற படமும், வெள்ளைக் கோட்டு போட்டவர் டம்ளரோடு சிரிக்கிற படமும்கூட இந்த வகைதான்.

சரி, இனி வெட்டுவதற்கு வருவோம். வெட்டுவது தப்பில்லை. நீண்ட மெசேஜை அப்படியே போட்டால் படிக்க மாட்டார்கள் என்று நீங்கள் சொன்னது உண்மைதான். எந்த வெட்டு அர்த்தத்தை மாற்றுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. தனி விஷயம் ஒன்றை முழுசாக விட்டுவிட்டால் பெரும்பாலும் பாதிப்பில்லை. டெலிவரி பற்றிச் சொன்னதைக் காலை உணவு பற்றிய போஸ்டில் சேர்க்காமல் விடலாம். டெலிவரி வேகத்தைப் பற்றி நீங்கள் பெருமையடிக்காத வரை அது நேர்மைதான். "உடனுக்குடன் டெலிவரி" என்று அதே போஸ்டில் எழுதிவிட்டு இவருடைய பாராட்டை மட்டும் கீழே போட்டால் ஏமாற்று.

ஆபத்தான வெட்டு ஒரே விஷயத்துக்குள் நடப்பது. நம் பேச்சில் நிபந்தனையும் சந்தேகமும் வாக்கியத்தின் வாலில் வரும்: "கொஞ்சம்", "போல இருக்கு", "எங்க வீட்ல", "னு நினைக்கிறேன்", "இப்போதைக்கு". டிசைன் செய்கிறவர் இடம் போதவில்லை என்று முதலில் கைவைப்பது இந்த வால்களில்தான். "ஆனா" என்ற சொல்லுக்குப் பிறகு வருவதும் அப்படி. "நல்லா இருக்கு, ஆனா விலை ஜாஸ்தி" என்பதில் முதல் பாதியை மட்டும் எடுக்கிறீர்கள் என்றால், அதே போஸ்டில் விலை மலிவு என்று பேசாமல் இருந்தால் போதும். "நல்லா இருக்கு, ஆனா ரெண்டு நாள்தான் குடிச்சோம்" என்பதில் முதல் பாதியை மட்டும் எடுக்கவே கூடாது, ஏனென்றால் இரண்டாம் பாதிதான் முதல் பாதியின் எடையைச் சொல்கிறது.

உங்கள் மெசேஜில் வெட்ட வேண்டாம் என்று நான் சொல்வது "போன தடவ கொஞ்சம் கசப்பா இருந்துச்சு" என்பதை. பலர் இதைத்தான் முதலில் அழிப்பார்கள். எனக்கு அது பொன். குறை சொன்னவர் மறுபடி வாங்கியிருக்கிறார், இந்தத் தடவை பிடித்திருக்கிறது. இதை நீங்கள் காசு கொடுத்தாலும் எழுதி வாங்க முடியாது. ஆனால் கசப்பு ஏன் போனது என்று உங்களுக்குத் தெரிந்தால் மட்டும் காரணம் சொல்லுங்கள். வெந்தயம் அதிகமாகிப் போனதா, வறுக்கும்போது கருகியதா? "வெந்தயத்தைக் குறைத்தோம்" என்பது நடந்திருந்தால் எழுதலாம், ஊகமானால் வேண்டாம்.

இதிலிருந்து இன்னொன்றும் கிளம்புகிறது. வெந்தயத்தைக் குறைத்து கலவையை மாற்றிவிட்டீர்கள் என்றால், அதற்கு முன் ருசியைப் பற்றி வந்த ரிவ்யூக்கள் வேறொரு மாவைப் பற்றியவை. 2022 ஜூனில் வந்த தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கான மத்திய அரசு வழிகாட்டுதல்கள், ஒருவரின் பரிந்துரை அவருடைய உண்மையான, ஓரளவு தற்போதைய கருத்தாக இருக்க வேண்டும் என்கின்றன. இரண்டு வருஷத்துக்கு முந்தைய "செம டேஸ்ட்" ஸ்க்ரீன்ஷாட்டை இன்று போடுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

எழுத்து விஷயம். பெரும்பாலோர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவார்கள். அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றலாம், எழுத்துப்பிழை திருத்தலாம், முற்றுப்புள்ளி வைக்கலாம். வார்த்தையை மாற்றக் கூடாது. "கொறஞ்சிருக்கு" என்பதை "குறைந்துள்ளது" என்று ஆக்கினால் அர்த்தம் மாறாது என்று தோன்றும். ஆனால் மேற்கோள் குறிக்குள் அது அவர் குரல் இல்லை, அரசாங்க அறிக்கை. மடிப்பாக்கத்து அம்மா ஒருவர் செந்தமிழில் சத்துமாவைப் பாராட்டினால் படிக்கிறவர்களுக்கு உடனே சந்தேகம் வரும், அது நியாயமான சந்தேகமும்கூட. ஆங்கிலத்தில் வந்த ரிவ்யூவைத் தமிழில் போடுகிறீர்கள் என்றால் கீழே சின்னதாக "ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழாக்கம்" என்று குறிப்பிடுங்கள். நடுவில் எதையாவது விட்டால் மூன்று புள்ளி வையுங்கள். இரண்டு பேருடைய பாதி வாக்கியங்களை ஒட்டி ஒன்றாக்குவதும், இல்லாத ஆச்சரியக்குறி சேர்ப்பதும் வேண்டவே வேண்டாம். அவர் போடாத இதயத்தை மேற்கோளுக்குள் போடாதீர்கள், வேண்டுமானால் உங்கள் கேப்ஷனில் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது போஸ்டை எழுதிப் பார்க்கலாம். இன்ஸ்டாவில் கேப்ஷனின் முதல் ஒன்றிரண்டு வரிதான் கண்ணில் படும், மிச்சம் "more" தட்டினால்தான் தெரியும். அதனால் அவருடைய சிறந்த வரி படத்திலும் கேப்ஷனின் தொடக்கத்திலும் இருக்கட்டும்.

படத்தின் மேல்:

> "முன்னாடி எதுவும் சாப்பிடாம ஓடிடுவான்."

கேப்ஷன்:

> "பையன் ஸ்கூலுக்கு போறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் குடிச்சிட்டு போறான், முன்னாடி எதுவும் சாப்பிடாம ஓடிடுவான்."
> – இரண்டாவது முறை வாங்கிய ஒரு அம்மா, அனுமதியோடு.
>
> "போன தடவ கொஞ்சம் கசப்பா இருந்துச்சு, இந்த தடவ நல்லா இருக்கு" என்றும் எழுதியிருந்தார். கசப்பைச் சொன்னதற்கு நன்றி. வெந்தயத்தைக் குறைத்திருக்கிறோம்.
>
> உங்கள் வீட்டில் காலையில் யார் சாப்பிடாமல் ஓடுகிறார்கள்?

இதில் மேற்கோள் குறிக்குள் இருப்பது அவருடைய வார்த்தை, ஒன்றுகூட மாறவில்லை. வெளியே இருப்பது உங்களுடையது. இரண்டுக்கும் நடுவே கோடு தெளிவாக இருக்கிறது. பெயர் இல்லை, ஊர் இல்லை. "இரண்டாவது முறை வாங்கிய" என்பதை உங்கள் ஆர்டர் நோட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மெசேஜில் "போன தடவ" என்று இருப்பதால் அது நாலாவது தடவையாகவும் இருக்கலாம். வெந்தய வரி, நான் முன்பே சொன்னதுபோல, நடந்திருந்தால் மட்டும்.

அதே மெசேஜில் இன்னொரு போஸ்ட் ஒளிந்திருக்கிறது, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். "வெல்லம் போட்டா கட்டி கட்டியா ஆகுது, என்ன பண்ணணும்?" இது பாராட்டே இல்லை, கேள்வி. ஆனால் இதே சிக்கல் உள்ளவர்கள் நிறைய இருப்பார்கள், பதிலை எடுத்து வைத்துக்கொள்வார்கள். மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, சிறு தீயில் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டி, அடுப்பை அணைத்த பிறகு ஊற்ற வேண்டும். பால் சேர்ப்பவர்கள் கொஞ்சம் சூடு ஆறிய பிறகு வெல்லம் சேர்த்தால் திரிந்துபோகாது. இதை நீங்கள் உங்கள் அடுப்பில் செய்து ஒரு சின்ன வீடியோவாக எடுத்து, அவர் கேள்வியையே தலைப்பாக வைத்துவிடுங்கள். எந்த க்ளெய்மும் இல்லாமல், மாவை வாங்கினவர் உங்களிடம் கேட்கிறார், நீங்கள் பதில் சொல்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். புதிதாக வாங்க யோசிப்பவர் பார்க்க விரும்புவது அதைத்தான்.

அனுமதி. வாட்ஸ்அப் மெசேஜ் உங்களுக்கு மட்டும் எழுதியது, அதனால் கேட்காமல் போடக் கூடாது. ஆனால் "உங்க ரிவ்யூ போடலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் அவர் எதற்கு சரி சொன்னார் என்றே தெரியாது. போஸ்டுக்குத் தயாரித்த படத்தையே அனுப்பிக் கேளுங்கள்:

> "நீங்க எழுதினதுல இந்த ரெண்டு விஷயத்தை மட்டும் எடுத்து இப்படிப் போடலாம்னு இருக்கோம். பேர், நம்பர், போட்டோ எதுவும் வராது. நீங்க சொன்ன மாதிரியே இருக்கா? எதையாவது மாத்தணுமா? வேண்டாம்னாலும் பரவாயில்ல. பின்னாடி எடுக்கணும்னு தோணினாலும் சொல்லுங்க, எடுத்துடறோம்."

இந்தக் கேள்வி அனுமதியையும் வாங்கித் தரும், உங்கள் வெட்டையும் சோதித்துவிடும். "ஐயோ நான் அப்படிச் சொல்லலையே" என்று வந்தால் போஸ்ட் வெளியே போவதற்கு முன்பே தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் அது சம்மதம் அல்ல. அதே போஸ்டுக்குக் காசு கட்டி விளம்பரமாக ஓட்டப் போகிறீர்கள் என்றால் அதையும் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள், நண்பர்கள் பார்க்கிற பக்கத்தில் வருவதும் ஊர் முழுக்க ஓடுவதும் வேறு வேறு.

கூகுளில் எழுதியது பொதுவெளியில்தான் இருக்கிறது. இருந்தாலும் அவருடைய பெயரையும் படத்தையும் எடுத்து உங்கள் விளம்பரத்தில் வைப்பதற்குக் கேட்டுவிடுவதே நல்லது. ஸ்க்ரீன்ஷாட் போட்டால் நம்பரையும் முகத்தையும் மறையுங்கள், ஆனால் தேதியை மறைக்காதீர்கள். மூன்று ஸ்டார் கொடுத்துவிட்டு நல்லதாக ஒரு வரி எழுதியவரின் ரிவ்யூவில் ஸ்டாரை வெட்டிவிட்டு வரியை மட்டும் போடுவது எனக்குத் தெரிந்து பலர் செய்கிற வேலை. படிக்கிறவர் அதை ஐந்து ஸ்டார் என்றுதான் நினைப்பார். சராசரி ஸ்டாரைப் போட வேண்டுமானால் எத்தனை பேர் என்பதையும் எந்த மாத நிலவரம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். "ஆயிரக்கணக்கான அம்மாக்களின் நம்பிக்கை" என்பதை உங்கள் ஆர்டர் கணக்கு காட்டாவிட்டால் தொடவே வேண்டாம்.

யாருக்காவது இலவசமாகப் பாக்கெட் கொடுத்திருந்தால், உங்கள் உறவினர் எழுதியிருந்தால், அது போஸ்டிலேயே தெரிய வேண்டும். "இலவச பாக்கெட் பெற்றவர்" என்று தெளிவாக, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ஹேஷ்டேக் கும்பலுக்குள் ஒளிக்காமல். மேலே சொன்ன 2022 வழிகாட்டுதல்களும் விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ-யும் இதைக் கேட்கின்றன. "ரிவ்யூ போட்டால் 50 ரூபாய் தள்ளுபடி" என்று கூகுள் ரிவ்யூவுக்குச் சலுகை தருவது கூகுளின் விதிகளுக்கே எதிரானது. ரிவ்யூக்கள் நீக்கப்படலாம்.

நல்ல ரிவ்யூ வேண்டுமென்றால் சலுகையை விட நல்ல கேள்விதான் உதவும். "ரிவ்யூ போடுங்க" என்றால் "சூப்பர் அக்கா" என்றுதான் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பாக்கெட் போய் ஒரு வாரம் கழித்து, "வீட்ல யார் குடிக்கிறாங்க, எப்போ? ஏதாவது பிரச்சனை இருந்துச்சா?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள், அதுதான் வெல்லக் கட்டியையும் கசப்பையும் வெளியே கொண்டுவருகிறது. "உடம்புக்கு நல்ல மாற்றம் தெரியுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்களே அவர் வாயில் வார்த்தையைக் கொடுக்கிறீர்கள், அப்புறம் வருகிற பதிலை எதற்கும் பயன்படுத்தவும் முடியாது.

ஒரு கூகுள் ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசையில் முழு மெசேஜ், அது வந்த தேதி, போஸ்டில் வந்த பகுதி, அனுமதி கிடைத்த தேதி, போஸ்ட் லிங்க். பக்கத்திலேயே ஸ்க்ரீன்ஷாட் ஒரு ஃபோல்டரில் இருக்கட்டும், வாட்ஸ்அப் சாட்டை நம்பாதீர்கள், போன் மாறினால் போய்விடும். யாராவது "இதுக்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டால் அந்த வரிசையைக் காட்ட வேண்டும். யாராவது "எடுத்துடுங்க அக்கா" என்றால் லிங்க் கையில் இருக்கும். ஏற்கெனவே போட்ட போஸ்டுகளில் சுகர், பி.பி., எடை, முடி, உயரம் என்று தேடிப் பாருங்கள், கமெண்டில் நீங்கள் பின் செய்து வைத்தவற்றையும் சேர்த்து. பின் செய்ததை எடுத்துவிடுங்கள், போஸ்டுகளை ஆர்க்கைவ் செய்தால் போதும்.

டெலிவரி மூன்று நாள் லேட் ஆனதற்கு அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வெல்லக் கேள்விக்குப் பதிலையும் அனுப்புங்கள். அனுமதி கேட்கிற மெசேஜ் அதற்கு மறுநாள் போகட்டும்.